ஜன்னலுக்கு மேலே நாலு விரல்

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோனது. வேலைத்தளங்களில் அவர் பெயர் ஓரங்கட்டி. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் ஸ்கர்ட்டிங் பலகை பதிப்பது, சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் கார்னிஸ் ஒட்டுவது, கதவு ஜன்னல் விளிம்புகளுக்கு பீடிங் என்ற மெல்லிய மரப்பட்டை அடிப்பது, இதுதான் முப்பது வருஷமாக அவர் பிழைப்பு. ஓரங்களைக் கட்டி முடிக்கிறவர் என்ற அர்த்தத்தில்தான் எவனோ ஒரு பெயின்டர் அந்தப் பெயரை வைத்தான். ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் இருக்கிறதே. நாலு பேர் கூடினால் அவரை ஓரங்கட்டிவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். மகள் கல்யாணப் போட்டோவில்கூட அவருக்குப் பாதி முகம்தான். மீதிப் பாதி சம்பந்தியின் தோளுக்குப் பின்னால் போய்விட்டது.

கட்டடத்துக்குள் கடைசியாக நுழைகிறவர் அவர். கொத்தனார், டைல்ஸ்காரர், தச்சர் எல்லோரும் போன பிறகு, அவர்கள் விட்டுப்போன தப்புகள் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். வயிறு தள்ளிய சுவர், விரிந்த மூலை, பள்ளம் விழுந்த தரை. எல்லாவற்றையும் மூடுவார். மூடியதை யாரிடமும் சொல்லமாட்டார். நோயாளியின் ரகசியம் காக்கிற டாக்டர் மாதிரி என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

"டாக்டரா? பொணத்துக்குப் பவுடர் போடுறவரு," என்பாள் அவர் மனைவி.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைத்தது சம்பந்தி வீட்டு மாடி ஹால்.

சம்பந்தி ஒரு மேஸ்திரி. ஊரில் பாதிச் சுவர் தான் எழுப்பியது என்று சொல்லிக்கொள்கிறவர், பொய்யும் இல்லை. பெண் கேட்டு வந்த நாளிலேயே, வந்திருந்தவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்தும்போது, "சுவரு நிக்கிறது என்னால. அதுக்கு ஜரிகை ஒட்டுறது இவரு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகும்.

அதைவிடக் கொடுமை சம்பந்தியம்மாவின் வாய். மருமகள் வைத்த தட்டு சற்றுக் கோணலாக இருந்தால், காயப்போட்ட துணி ஒரு பக்கம் இறங்கியிருந்தால், பொத்தான் மாறித் தைத்திருந்தால், உடனே ஒரே வார்த்தை: "உங்கப்பன் வேலை." ஓரங்கட்டி அந்த வீட்டில் அதுவரை ஒரு ஆணிகூட அடித்ததில்லை. அடிக்காத ஆணிக்கே இந்தப் பேச்சு.

மேஸ்திரி புது வீடு கட்டினார். கீழே அவரும் மனைவியும், மாடியில் மகனும் மருமகளும் என்று ஏற்பாடு. பூச்சு முடிந்து, டைல்ஸ் முடிந்து, குடியேற எட்டு நாள் இருக்கும்போது ஓரங்கட்டிக்குச் சொல்லியனுப்பினார்கள். மகள்தான் போனில் பேசினாள்.

"அப்பா, வர்றதா இருந்தா சரியா செஞ்சு குடுங்க. இல்லன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிடுங்க. இந்த ஹால்ல ஒரு இடம் கோணலாப் போச்சுன்னா, நான் அதுக்குக் கீழேதான் ஆயுசுக்கும் உக்காந்திருக்கணும்."

அவள் கெஞ்சவில்லை. அதட்டினாள். அவளுக்கு அம்மாவின் குரல். ஓரங்கட்டி அன்றே கருவிப் பெட்டியைத் துடைத்து வைத்தார்.

முதல் மூன்று நாள் ஸ்கர்ட்டிங். ஹால் பதினெட்டு அடி நீளம். நீளச் சுவரில் பலகையை வைத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. பலகையின் நடு சுவரில் முட்டியது. இரண்டு முனைகளும் சுவரைத் தொடாமல் விலகி நின்றன. ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை இன்னும் விலகியது. சுவருக்கு நடுவில் வயிறு. ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பியவர் சொந்த வீட்டுச் சுவருக்கு நாலு மாதக் கர்ப்பம் வைத்திருந்தார்.

ஓரங்கட்டி கருவிப் பெட்டியைத் திறந்தார். வயிறு முட்டுகிற இடத்தில் பலகையின் முதுகை இழைப்புளியால் சீவி எடுத்தார். முனைகளுக்குப் பின்னால் மெல்லிய மரச் சக்கை கொடுத்து, நூல் பிடித்து, பலகையை நேராக நிறுத்தித் திருகினார். பலகையின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே அங்கங்கே தெரிந்த கீற்றை மறைக்க, சுண்டுவிரல் கனத்தில் ஒரு பீடிங். மெல்லியது என்பதால் அது சுவரோடு வளைந்துகொடுத்தது. கீழே பலகை நேராக, மேலே பீடிங் சுவரைத் தழுவியபடி. பார்க்கிற கண்ணுக்கு வயிறு கரைந்துபோனது.

மூலைகளில்தான் அவருடைய கைவரிசை. இரண்டு பலகைகளையும் சரிபாதிச் சாய்வில் அறுத்து மூலையில் முட்டவைப்பது சோம்பேறி வேலை. மூலை துளி விரிந்திருந்தாலும் வாய் பிளந்துவிடும். அவர் ஒரு பலகையை நேராக மூலை வரை ஓடவிடுவார். அடுத்த பலகையின் முனையை முதலில் சாய்வாக அறுப்பார். அந்த அறுப்பில் பலகையின் முகவடிவம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்தே வளைவு ரம்பத்தால், பின்பக்கம் கொஞ்சம் உள்வாங்கும்படி வெட்டி எடுப்பார். அது முதல் பலகையின் முகத்தில் போய் உதடு பதித்த மாதிரி உட்காரும். மூலை எப்படி விரிந்திருந்தாலும் கவலையில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சம்பந்தியம்மா மேலே வந்தாள். கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, நாலு மூலையிலும் குத்திப் பார்த்தாள். எங்கும் நுழையவில்லை. ஊசியைத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொண்டு, "தரையெல்லாம் மரத்தூள்," என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.

மகள் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். "பாஸ் பண்ணிட்டீங்க," என்றாள் மெதுவாக.

நாலாம் நாள் கார்னிஸ். ஜிப்சத்தில் வார்த்த, உட்குழிந்த பட்டை. கூரையின் நாலு ஓரத்தையும் வளைத்து இது ஓடவேண்டும். முதலில் மட்டம் பார்க்கவேண்டும். ஓரங்கட்டி தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்தார்; எங்கே பிடித்தாலும் அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். ஒரு முனையை மகள் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் மூலைக்கு மூலை கொண்டுபோய், தண்ணீர் நிற்கிற இடத்தில் பென்சிலால் குறித்தார். பிறகு குறியிலிருந்து கூரைக்கு அளந்தார். ஒருமுறை. இன்னொருமுறை. நம்பாமல் மூன்றாம் முறை.

ஹாலின் உள்கோடியில் கூரை இறங்கியிருந்தது. வாசல் கோடிக்கும் அதற்கும் இரண்டு விரல் வித்தியாசம்.

வெறும் சுவராக இருந்தால் அவர் கவலைப்பட்டிருக்கமாட்டார். கார்னிஸைக் கூரையோடு சேர்த்து ஓட்டிவிடலாம். இவ்வளவு நீளத்தில் இரண்டு விரல் சரிவு யார் கண்ணுக்கும் படாது. ஆனால் நீளச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, எட்டடி ஜன்னல் ஒன்று இருந்தது. அதை மாட்டியவன் யாரோ வெளியாள்; ரசமட்டம் வைத்துச் சுத்தமாக மாட்டியிருந்தான். கார்னிஸ் கூரையோடு சரிந்தால், ஜன்னலுக்கு மேலே தெரிகிற சுவர்ப் பட்டை ஒரு முனையில் நாலு விரலும் மறுமுனையில் ஐந்து விரலுமாகத் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடுகள். சின்னக் குழந்தைகூடக் கை நீட்டும்.

வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவர் ஒரு தப்பை வாய்விட்டுச் சொல்லப் போனார். அதையும் தனியாகத்தான் சொன்னார். மேஸ்திரி படிக்கட்டில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தார்.

"சம்பந்தி, மேல கூரை ஒரு பக்கம் லேசா எறங்கியிருக்கு. நான் கார்னிஸ மட்டமா ஓட்டுறேன். வாசல் பக்கம் மேல கொஞ்சம் இடம் விழும். நீங்க கூரைல ரெண்டு கை பூச்சு இழுத்து விட்டீங்கன்னா..."

மேஸ்திரி குடைவதை நிறுத்தினார். "எது எறங்கியிருக்கு?"

"கூரை."

"கூரை எறங்கல. உங்க கோடு ஏறியிருக்கு."

"தண்ணி வச்சுப் பாத்தேன் சம்பந்தி."

"எந்தத் தண்ணி? நாப்பது வருஷமா நான் போடாத கூரையா? ஒட்ட வந்தவரு ஒட்டிட்டுப் போங்க. தபால்தலை ஒட்டுறவன் கடுதாசியப் படிக்கக் கூடாது."

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா, "என்னவாம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. உன் சம்பந்திக்கு நம்ம கூரை பிடிக்கலையாம்."

"அவர் வீட்டுக் கூரைய விடவா?"

ஓரங்கட்டி டியூபைச் சுருட்டி ஹால் மூலையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "நாளைக்கு வந்து கூரையோடயே ஒட்டிடுறேன்," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஒட்டினால் கோணல் தன் பெயரில் எழுதப்படும். ஒட்டாவிட்டால் வேலையைப் பாதியில் விட்டவன் என்று எழுதப்படும். எப்படி எழுதினாலும் படிக்கப்போவது மகள்.

மறுநாள் காலை அவர் படியேறும்போதே ரம்பச் சத்தம் கேட்டது. மேஸ்திரி முந்திக்கொண்டிருந்தார். ஜரிகை ஒட்டுவதற்கு என்ன பெரிய வித்தை வேண்டியிருக்கிறது என்று, ஓரங்கட்டி விட்டுப்போன, ரம்பத்தைச் சாய்வாக ஓட்ட வெட்டுத்தடம் போட்ட சாய்வறுப்புப் பெட்டியிலேயே கார்னிஸை வைத்து அறுத்துத் தள்ளியிருந்தார். ஐந்து துண்டுகள் சுவரோரம் சாய்ந்திருந்தன.

ஐந்தும் தப்பு.

கார்னிஸை அந்தப் பெட்டியில் தலைகீழாக வைத்துத்தான் அறுக்கவேண்டும். பெட்டியின் அடிப்பலகைதான் கூரை; நிற்கிற பக்கம்தான் சுவர். கூரையில் எப்படி இருக்கப்போகிறதோ அப்படியே நேராக வைத்து அறுத்தால், உள்மூலைக்கு வேண்டிய வெட்டு வெளிமூலைக்கு வேண்டியதாகத் திரும்பிவிடும். இந்தத் தொழிலுக்கு வருகிற எவனும் முதல் நாள் செய்கிற தப்பு. ஒரு துண்டு கெட்டதுமே புரிந்துவிடும். மேஸ்திரிக்கு ஐந்து ஆகியும் புரியவில்லை. பெட்டியில்தான் கோளாறு என்று அடுத்தடுத்து அறுத்துக்கொண்டே போயிருக்கிறார்.

ஆனால் அவர் திட்டிக்கொண்டிருந்தது பெட்டியை அல்ல.

"திருப்பித் திருப்பிக் குடுத்தா எவன் அறுப்பான்? ஒழுங்கா ஒரு பக்கமா எடுத்துக் குடுக்கத் தெரியாதா?"

மகள் கார்னிஸின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முடியெல்லாம் வெள்ளைப் பொடி.

வாசலில் சாய்ந்திருந்த சம்பந்தியம்மா சொன்னாள்: "அவளை ஏன் திட்டுறீங்க. ரத்தத்துல இருக்கு. உங்கப்பன் வேலை."

ஓரங்கட்டி வாசலுக்கு வெளியே, அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். அந்த வார்த்தையை அதுவரை மனைவி சொல்லித்தான் கேட்டிருக்கிறார். நேரில் கேட்டது அதுதான் முதல் தடவை. கேட்டதும் கோபம் வந்ததாகச் சொல்ல முடியாது. உடம்பில் ஏதோ ஒரு திருகு இறுகிய மாதிரி இருந்தது.

"கொஞ்சம் வழி விடுங்க சம்பந்தியம்மா," என்றார்.

உள்ளே வந்து, மகள் கையிலிருந்த துண்டை வாங்கினார். பெட்டியில் தலைகீழாக வைத்தார். கெட்ட முனையிலிருந்து சாண் அளவு தள்ளி அறுத்தார். முன்னால் அறுபட்ட இன்னொரு துண்டையும் அதேபோல அறுத்து, இரண்டையும் சேர்த்து மூலையில் பிடித்துக் காட்டினார். கோடு மாதிரி பொருந்தியது. யாரையும் பார்க்கவில்லை.

"தலகீழாவா?" என்றார் மேஸ்திரி. குரலில் பாதிச் சத்தம் குறைந்திருந்தது.

"அவ சரியாத்தான் குடுத்திருக்கா," என்றார் ஓரங்கட்டி.

மேஸ்திரி கையைத் தட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். சம்பந்தியம்மாவும் போனாள்.

அன்று முழுக்க ஓரங்கட்டி வேலை செய்தார். ஐந்து துண்டும் குட்டையானதால் சுவரின் நடுவில் ஒட்டுப் போடவேண்டியிருந்தது. மிச்சமிருந்த ஒரு நீளத்தைப் பங்குபோட்டு எப்படியோ சமாளித்தார். ஆனால் ஒன்று. சொன்னபடி கூரையோடு ஒட்டவில்லை. முந்தின நாள் தண்ணீர் காட்டிய பென்சில் கோட்டில் ஒட்டினார். உள்கோடியில் கார்னிஸ் கூரையைத் தொட்டது. அங்கிருந்து வாசல் பக்கம் வர வர மேலே இடைவெளி விழுந்தது. வாசல் கோடியில் முழுசாக இரண்டு விரல். அங்கெல்லாம் பசை மட்டும் பிடிக்காது என்று பின்னால் கட்டை கொடுத்துத் திருகு போட்டார். துளைகளையும் ஒட்டுகளையும் பூசி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். இடைவெளியில் மட்டும் கை வைக்கவில்லை. முப்பது வருஷத்தில் அவர் மூடாமல் விட்ட முதல் ஓட்டை அது.

மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, அது?"

"அது என் வேலை இல்ல."

சாயங்காலம் எல்லோரும் மேலே வந்தார்கள். வேலைக்குப் போயிருந்த மாப்பிள்ளையும் வந்திருந்தார். அவர் நல்ல பிள்ளை. எந்தச் சண்டையிலும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சம்பந்தியம்மா அண்ணாந்து பார்த்தாள். "இதென்னது, பல்லி குடும்பம் நடத்தவா? கையே போகுதே."

"நான் நேத்தே சொன்னேன்," என்றார் மேஸ்திரி. "கோடு ஏறிப்போச்சுன்னு. இப்ப இறங்கிப்போச்சு. மொத்தத்துல கோணல்."

"கார்னிஸ் கோணல் இல்ல சம்பந்தி."

"அப்ப?"

"மேல இருக்கிறது உங்க வேலை. கீழ இருக்கிறது என் வேலை. எது கோணல்னு ஜன்னலக் கேளுங்க."

"ஜன்னலக் கேக்கணுமாம். ஏன், என்னக் கேட்டா என்ன? சொந்த வீட்டுல இடம் இல்லாம சுத்துறவரெல்லாம் எனக்கு மட்டம் சொல்றாரு. பெண்ணக் குடுத்தவராச்சேன்னு உள்ள விட்டேன். பிச்சுப் போட்டுட்டுக் கூரையோட ஒட்டுங்க. இல்லன்னா பெட்டியத் தூக்குங்க."

"தூக்கிட்டேன்," என்றார் ஓரங்கட்டி. உண்மையிலேயே கருவிப் பெட்டி அவர் கையில் இருந்தது.

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாப்பிள்ளை போனைச் சட்டைப்பையில் போட்டார். மூலையில் கிடந்த டியூபை எடுத்தார். ஒரு முனையை மனைவி கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு ஸ்டூலில் ஏறினார். தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடி, நின்றது. இறங்கினார். அடுத்த மூலைக்குப் போனார். ஏறினார். நாலு மூலையும் பார்த்து முடிக்கும் வரை ஸ்டூல் இழுபடுகிற சத்தம் மட்டும்தான்.

"நாலு மூலைலயும் தண்ணி பென்சில் கோட்டுல நிக்குதுப்பா," என்றார் கடைசியில். "ஜன்னலுக்கு மேல இந்தப் பக்கம் நாலு விரல். அந்தப் பக்கமும் நாலு விரல்."

"டியூபு யாருது? அவருது," என்றார் மேஸ்திரி.

"தண்ணி நம்மளுது. நம்ம குழாய்ல பிடிச்சது."

ஓரங்கட்டிக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அடக்கிக்கொண்டார். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தபோது அதுவும் போய்விட்டது. அவர் கூரையைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார், தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி.

"எறங்குங்க எல்லாரும்," என்றார். "நான் பாத்துக்கறேன்."

ஓரங்கட்டியை வழியனுப்ப மகள் தெருவாசல் வரை வந்தாள். நன்றி சொல்வாள் என்று அவர் நினைத்தார். தகப்பன்மார் அப்படித்தான் நினைப்பார்கள்.

"இப்ப சந்தோஷமா?" என்றாள்.

"நீதானே சரியாச் செய்யச் சொன்ன?"

"சரியாச் செய்யச் சொன்னேன். ஜெயிக்கவா சொன்னேன்? நீங்க பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. ராத்திரி சாப்பாட்டை இதே கையால நான்தான் அவங்களுக்கு வைக்கணும். அந்த ஓட்டையத் துளி பூசி விட்டிருந்தா என்னப்பா? எத்தன பேரோட தப்ப மூடியிருக்கீங்க."

அவர் யோசித்தார். "அவங்க சொன்ன வார்த்தைக்குப் பூச்சு இல்லம்மா," என்று சொல்ல வந்தது. சொல்லியிருந்தால் நாடகம் மாதிரி இருந்திருக்கும். "பசை காயுற வரைக்கும் யாரும் தொடக்கூடாது," என்று மட்டும் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதீங்க," என்றாள் அவள். கேட்டைச் சாத்தினாள். சத்தம் வராமல்தான் சாத்தினாள், ஆனால் சாத்தினாள்.

குடியேறிய அன்று அழைப்பு வந்தது, மாப்பிள்ளையின் போனிலிருந்து ஒரு வரிச் செய்தியாக. இவர்கள் போகவில்லை. மேஸ்திரி ஆள் வைக்காமல் தானே ஸ்டூல் போட்டு ஏறி, வாசல் பக்கத்திலிருந்து கூரையின் பாதி தூரம் வரை பூச்சை இழுத்து, இடைவெளி தெரியாமல் கூரையை இறக்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். இரண்டு நாள் கழுத்து திரும்பவில்லையாம். சம்பந்தியம்மா தைலம் தேய்த்துக்கொண்டே ஓரங்கட்டியின் ஏழு தலைமுறையையும் விசாரித்தாளாம்.

மூன்று மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஓரங்கட்டி வேறு வேறு வீடுகளில் மற்றவர்களின் வயிற்றையும் பள்ளத்தையும் மூடிக்கொண்டிருந்தார். இடையில் ஒருநாள், பலகையைச் சீவிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, அந்த ஓட்டையை மூடியிருக்கலாமோ என்று கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பவும் சீவினார்.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. மகள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு." அவள் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது. "இன்னிக்கி மேல ஹால்ல எல்லாருக்கும் தட்டு வச்சேன். ஒண்ணு கோணலா இருந்துச்சு போல. அத்தை ஆரம்பிச்சாங்க, உங்கப்பன்னு."

ஓரங்கட்டி இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"ஆரம்பிச்சவங்க அண்ணாந்து கூரையப் பாத்தாங்க. அவரு பூசி இறக்கின இடத்துக்குக் கீழயே மாமா உக்காந்திருந்தாரு. அப்புறம் அத்தை தட்டைத் தானே நேரா தள்ளி வச்சுக்கிட்டாங்க."

"சரி."

"அவ்வளவுதான். சொல்லணும்னு தோணுச்சு."

"நான் வரட்டுமா ஒருநாள்?"

"வேணாம்ப்பா, இப்ப வேணாம்," என்றாள் மகள். குரலில் அதட்டல் அப்படியேதான் இருந்தது.